சத்தம் வருதா?

2007 மார்ச் மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம். அடையாறில் நான் படித்துக்கொண்டிருந்த கல்லூரியின் செமினார் ஹாலில் இருநூறு பேர் வெள்ளைத் திரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்குக் கவுண்டர் ஸ்ட்ரைக் இறுதிப் போட்டி. ஆடுகிற பத்துப் பேரும் பக்கத்து லேபில் இருந்தார்கள். அங்கிருந்து ஜன்னல் வழியாக ஒரு நெட்வொர்க் கேபிளை இழுத்து ஹாலில் இருந்த கம்ப்யூட்டரில் சொருகியிருந்தோம். அந்தக் கம்ப்யூட்டர் ஆட்டத்துக்குள் பார்வையாளராக நுழையும், அது பார்ப்பதை ப்ரொஜெக்டர் திரையில் காட்டும். ஏற்பாடு அவ்வளவுதான். பொறுப்பு என்னுடையது.

மூன்று மணிக்கு ப்ரொஜெக்டரைப் போட்டோம். விண்டோஸ் எக்ஸ்பியின் பச்சைப் புல்வெளி திரை நிறைய வந்தது. கைதட்டல்கூடக் கிடைத்தது. ஆட்டத்தின் ஐகானை இரண்டு தட்டு தட்டினேன். திரை ஒரு நொடி கறுத்து, பிறகு நீலமாகி, நடுவில் `Out of Range` என்று எழுதிக்கொண்டு நின்றது. ஸ்பீக்கரில் மட்டும் ஆட்டத்தின் மெனுவுக்குரிய கிளிக் சத்தம் தெளிவாகக் கேட்டது. மேஜைமேல் இருந்த மானிட்டரிலும் ஆட்டம் அழகாக ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த ஐம்பது நிமிடம் நாங்கள் செய்த காரியங்களை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஒருவன் மேஜைமேல் ஸ்டூலைப் போட்டு ஏறி, கூரையில் தொங்கிய ப்ரொஜெக்டரின் கேபிளைப் பிடுங்கிச் சொருகினான். இன்னொருவன் ப்ரொஜெக்டரை அணைத்து, விளக்கு ஆறட்டும் என்று ஐந்து நிமிடம் காத்திருந்து, மறுபடி போட்டான். புல்வெளி வந்தது. ஆட்டத்தைத் திறந்தேன். நீலம். "ஆட்டம் சரியா இன்ஸ்டால் ஆகலடா" என்றார் சீனியர் ஒருவர். முழு ஃபோல்டரையும் அழித்துவிட்டு என் பென் டிரைவிலிருந்து மறுபடி காப்பி செய்தோம். பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. மறுபடியும் நீலம்.

"கேபிள்தான் போச்சு" என்று எல்லோரும் ஒருமனதாகத் தீர்ப்பு எழுதினார்கள். வகுப்புத் தோழன் ஒருவன் பைக்கை எடுத்துக்கொண்டு ரிச்சி தெருவுக்குக் கிளம்பினான். அடையாறு பாலம் தாண்டி, மவுண்ட் ரோடு பிடித்து, சிந்தாதிரிப்பேட்டை ஓரம் வரை சனிக்கிழமை நெரிசலில் போய்த் திரும்ப எப்படியும் ஒன்றரை மணி நேரம்.

இந்த இடத்தில் என் குற்றத்தைச் சொல்லிவிட வேண்டும். அன்றைக்கு அது குற்றம் என்று எனக்கே தெரியாது.

மயிலாப்பூரில் எங்கள் வீட்டில் 17 அங்குல மானிட்டர் ஒன்று இருந்தது. பெரிய மண்டை வைத்த, கண்ணாடிக் குழாய் மானிட்டர். அதில் கவுண்டர் ஸ்ட்ரைக் ஆடினால் அரை மணியில் கண் எரியும். டெஸ்க்டாப்பில் எரியாது, ஆட்டத்தில்தான் எரியும். காரணத்தை தி. நகரில் நான் போய்வந்த பிரவுசிங் சென்டரில் ஒரு அண்ணன் சொல்லிக் கொடுத்தார். குழாய் மானிட்டரில் படம் நிலையாக நிற்பதில்லை. ஒரு எலக்ட்ரான் கற்றை மேலிருந்து கீழே கோடுகோடாக வரைந்து முடித்து, மறுபடி மேலே போய் வரைகிறது. நொடிக்கு 85 தடவை வரைந்தால் கண்ணுக்கு அசையாமல் தெரியும். 60 தடவை என்றால் மினுக்கும். டெஸ்க்டாப்புக்கு நாம் 85 என்று வைத்திருந்தாலும், எக்ஸ்பியில் முழுத்திரை ஆட்டங்கள் பல தாமாகவே 60-க்கு இறங்கிவிடும். அதைத் தடுக்க ஆட்டத்தின் ஷார்ட்கட்டை வலது கிளிக் செய்து, ப்ராப்பர்டீஸில் டார்கெட் என்ற வரியின் கடைசியில் ஒரு வார்த்தையும் ஒரு எண்ணும் சேர்க்க வேண்டும்.

```
"C:\Games\cs\hl.exe" -game cstrike -w 800 -h 600 -freq 100
```

அந்த `-freq 100`தான் வித்தை. அந்த ஆட்டம் வழக்கமாக நொடிக்கு 100 படத்துக்கு மேல் போகாது. மானிட்டரும் அதே 100-இல் ஓடினால் எல்லாம் வெண்ணெய் மாதிரி வழுக்கும். இதைத் தெரிந்துகொண்டவன் தெரியாதவனைக் கொஞ்சம் இளக்காரமாகப் பார்ப்பான். நான் பார்த்திருக்கிறேன். அந்த ஷார்ட்கட்டை ஆட்டத்தின் ஃபோல்டருக்குள்ளேயே வைத்து, ஃபோல்டரோடு பென் டிரைவில் சுமந்துகொண்டு கல்லூரிக்குப் போனேன். அழித்துவிட்டு மறுபடி காப்பி செய்தபோது அதுவும் பத்திரமாகக் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது.

எங்களைக் காப்பாற்றியவர் எலக்ட்ரானிக்ஸ் லேபின் உதவியாளர். ஐம்பதைத் தாண்டியவர். கல்லூரி வேலைக்கு வருமுன் கச்சேரி ரோட்டில் டி.வி. சர்வீஸ் கடை வைத்திருந்தாராம். சனிக்கிழமை என்பதால் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர், சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி எழுதியிருக்கு அதுல?"

"அவுட் ஆஃப் ரேஞ்சுன்னு, சார். கேபிள் போச்சு."

"கேபிள் போச்சுன்னா `No Signal`னு தானே வரும்? இது சிக்னல் வந்துச்சு, எனக்குப் பிடிக்கலைன்னு சொல்லுது. அதே கேபிள்ல இப்பதானே புல்வெளி வந்துச்சு?"

இவ்வளவு எளிய விஷயம் இருநூறு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கேபிளோ சொருகியோ பழுதானால் டெஸ்க்டாப்பும் வராது, அல்லது நிறம் மாறி, நிழல் விழுந்து வரும். டெஸ்க்டாப் சுத்தமாக வந்து ஆட்டம் மட்டும் வராவிட்டால், ஆட்டம் அனுப்புகிற சிக்னலின் வேகத்தை ப்ரொஜெக்டர் ஏற்கவில்லை என்றுதான் பொருள். ஆட்டம் செத்துவிட்டதா, ஓடுகிறதா என்று தெரிந்துகொள்ளக் காது போதும். சத்தம் வருகிறது என்றால் ஓடுகிறது.

அவர் ப்ரொஜெக்டர் பக்கமே போகவில்லை. நேராக மேஜைமேல் இருந்த மானிட்டரிடம் போய், அதன் முகத்துக்குக் கீழே இருந்த மெனு பொத்தானை அழுத்தினார். குழாய் மானிட்டர்கள் பலவற்றில் அப்படி அழுத்தினால், வந்துகொண்டிருக்கும் சிக்னலின் கணக்கை ஓரத்தில் காட்டும். `63.6kHz 100Hz` என்று காட்டியது. பிறகு என்னை ஆட்டத்தை மூடச் சொல்லி, டெஸ்க்டாப்பில் மறுபடி அழுத்தினார். `48.4kHz 60Hz`.

"நூறு எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டார். எனக்கு அப்போதே தொண்டை அடைத்துவிட்டது.

ப்ரொஜெக்டர் கையேட்டின் ஒரு பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து ஹால் அலமாரியின் உள்பக்கம் ஒட்டியிருந்தார்கள். நாங்கள் யாரும் அதைப் பார்த்ததில்லை. அதில் இரண்டு வரம்புகள் இருந்தன. கிடைமட்டம் நொடிக்கு 15,000 முதல் 80,000 கோடு வரை. செங்குத்து நொடிக்கு 50 முதல் 85 படம் வரை. அவர் ஒரு நோட்டீஸின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். 63,600 கோட்டை 100 படத்தால் வகுத்தால் ஒரு படத்துக்கு 636 கோடு. நாங்கள் கேட்டது 600 கோடு. மீதி 36 கோடு கண்ணுக்குத் தெரியாதவை. கற்றை கீழிருந்து மேலே திரும்பிப் போக எடுத்துக்கொள்ளும் நேரம் அது. கோட்டுக் கணக்கில் நாங்கள் வரம்புக்குள்தான் இருந்தோம். படக் கணக்கில்தான் 85-ஐத் தாண்டி 100-க்குப் போயிருந்தோம்.

"அப்போ அந்த மானிட்டர்ல மட்டும் எப்படி சார் வருது?"

"அது 160 வரைக்கும் வாங்கும். கோடு 70,000 தாண்டக் கூடாது, அவ்வளவுதான். அதுக்குள்ள ஒரு காயில் இருக்கு. நீ என்ன வேகம் குடுக்கிறியோ அந்த வேகத்துக்குக் கற்றையை ஆட்டும். இது அப்படி இல்லை." கூரையைக் காட்டினார்.

அவர் சொன்னதன் மீதியைப் பின்னால் நானே படித்துத் தெரிந்துகொண்டேன். ப்ரொஜெக்டருக்குள் இருக்கும் பலகையில் புள்ளிகள் நிலையாக இருக்கின்றன. எங்களுடையதில் குறுக்கே 1,024, நெடுக்கே 768. வரும் அனலாக் சிக்னலை அது அளந்து, எண்ணாக மாற்றி, நினைவில் எழுதி, தன் புள்ளிகளுக்கு ஏற்ப நீட்டியோ சுருக்கியோ, தன் சொந்த வேகத்தில் காட்டுகிறது. எத்தனை கோடு, எத்தனை படம் என்று முதலில் எண்ணிப் பார்த்து, தனக்குத் தெரிந்த அட்டவணையில் தேடும். அட்டவணையில் இல்லாத வேகம் வந்தால் எங்கிருந்து எங்கே வரை வெட்டிப் புள்ளியாக்குவது என்று அதற்குத் தெரியாது. அதனால் கடையை மூடிவிட்டுப் பலகையை மாட்டிவிடுகிறது.

அவருக்கு இது பழைய கதை. 1975-இல் மதராஸில் தூர்தர்ஷன் வந்தபின் இங்கே வீடுகளில் நுழைந்த கறுப்பு வெள்ளைப் பெட்டிகளை, டயனோரா, சாலிடேர் என்று இந்த ஊரிலேயே செய்தவற்றை, என் வயதுக்காரர்களே பார்த்திருக்கிறோம். எந்தக் கம்பெனிப் பெட்டியானாலும் ஹோல்ட் என்று ஒரு திருகு இருக்கும். நிலையத்திலிருந்து நொடிக்கு 50 அரைப்படம் வரும். பெட்டிக்குள் இருக்கும் சுற்றும் அதே தாளத்தில் ஆட வேண்டும். தாளம் தப்பினால் படம் மாடிப்படி ஏறுகிற மாதிரி மேலே மேலே ஓடும். வீட்டில் கடைக்குட்டி எழுந்து போய்த் திருகைத் திருப்பினால் நிற்கும். எங்கள் வீட்டில் அந்த வேலை என்னுடையது. "அப்பல்லாம் தாளம் தப்பினாலும் படம் ஓடிக்கிட்டாவது இருக்கும், பார்த்துட்டுத் திருப்பலாம். இப்போ தப்புச்சுன்னா மூடிடுது. அதான் உங்களுக்குப் புரியல" என்றார். ஆனால் மூடாமல் விட்டாலும் ஆபத்துதானாம். பழைய கம்ப்யூட்டர் மானிட்டர்களுக்கு வரம்பு தாண்டிய வேகத்தைக் கொடுத்தால் உள்ளே கீச்சென்று கத்தும், அப்படியே விட்டால் லைன் அவுட்புட் டிரான்சிஸ்டர் புகைந்துவிடும். அவர் கடைக்கு அப்படி வந்த மானிட்டர்கள் உண்டு.

எல்லாம் சரி, விண்டோஸுக்கு எங்கே போயிற்று புத்தி? மானிட்டரால் காட்ட முடியாத வேகங்களை மறைத்துவை என்று எக்ஸ்பியில் ஒரு கட்டம் இருக்கிறது. அதில் டிக்கும் இருந்தது. அப்படியும் 100-ஐ எப்படி அனுமதித்தது?

பழி ஸ்ப்ளிட்டர்மேல். ஒரே கம்ப்யூட்டரின் படத்தை மேஜை மானிட்டருக்கும் கூரை ப்ரொஜெக்டருக்கும் பிரித்துக் கொடுக்கும் சின்னப் பெட்டி அது. வி.ஜி.ஏ. கேபிளின் 15 ஊசிகளில் எல்லாமே படத்தைச் சுமப்பவை அல்ல. 12-ஆம் ஊசியும் 15-ஆம் ஊசியும் பேச்சு வார்த்தைக்கு. அவற்றின் வழியாக மானிட்டர், "என் பெயர் இது, என் வரம்பு இது" என்று 128 பைட்டில் ஒரு ஜாதகத்தைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். அதைப் பார்த்துத்தான் விண்டோஸ் எந்த வேகம் பொருந்தும் என்று முடிவு செய்யும். எங்கள் ஸ்ப்ளிட்டர் அந்த இரண்டு ஊசிகளை முதல் துளைக்கு மட்டுமே இணைத்திருந்தது. முதல் துளையில் இருந்தது குழாய் மானிட்டர். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அந்த ஹாலில் ப்ரொஜெக்டர் என்று ஒன்று இல்லவே இல்லை. மானிட்டரின் ஜாதகத்தைப் பார்த்துப் பொருத்தம் சொல்லிவிட்டது. மாப்பிள்ளை வேறு.

பல வகுப்பறைகளில் ஸ்ப்ளிட்டரே இல்லாமலும் இது நடக்கும். கூரை வரை போகும் மலிவான நீளக் கேபிள்கள் சிலவற்றில் அந்த இரண்டு ஊசிகளுக்குக் கம்பியே வைத்திருக்க மாட்டார்கள். டிஸ்ப்ளே செட்டிங்கில் மாடல் பெயருக்குப் பதிலாக `Default Monitor` என்று மொட்டையாக இருந்தால், ஜாதகம் வந்து சேரவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

திருத்த எடுத்த நேரம் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. ஷார்ட்கட்டின் கடைசி எண்ணை மாற்றினேன்.

```
"C:\Games\cs\hl.exe" -game cstrike -w 800 -h 600 -freq 60
```

`-freq` என்பதையே எடுத்துவிட்டு `-windowed` என்று போட்டிருந்தாலும் நடந்திருக்கும். ஜன்னலுக்குள் ஓடும் ஆட்டம் சிக்னலின் வேகத்தைத் தொடாது, டெஸ்க்டாப் எந்த வேகத்தில் போகிறதோ அதிலேயே சவாரி செய்யும். டெஸ்க்டாப்தான் சரியாக வந்துகொண்டிருந்ததே. ஆனால் அன்றைக்கு எண்ணை மாற்றியதோடு நிறுத்திக்கொண்டோம். நாலு மணிக்கு de_dust2 திரையில் வந்தபோது ஹாலில் எழுந்த கூச்சல் லேப் உதவியாளருக்குத்தான் சேர வேண்டும். அவர் பஸ் போய்விடும் என்று அதற்குள் கிளம்பியிருந்தார். ரிச்சி தெருவுக்குப் போனவன் இரண்டாவது பாதி ஆட்டத்தின்போது வியர்த்துக் கொட்டி, 15 மீட்டர் கேபிளோடு வந்து நின்றான். பிரித்த கேபிளைக் கடையில் திருப்பி வாங்க மாட்டார்கள். எந்த எண்ணால் இவ்வளவும் நடந்தது என்று அவனிடம் நான் சொல்லவில்லை. பணத்தை மட்டும் கொடுத்துவிட்டேன்.

நாலரை வருஷம் கழித்து, 2011 தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, தி. நகரிலிருந்து அக்கா போன் செய்தாள். வீட்டுக்குப் புது எல்.சி.டி. டி.வி. வந்திருந்தது. அக்கா பையன் தன் பழைய கம்ப்யூட்டரை வி.ஜி.ஏ. கேபிளால் டி.வி.யில் இணைத்து வைஸ் சிட்டி ஆடப் பார்த்திருக்கிறான். டி.வி. மாட்டேன் என்கிறது. "புது டி.வி.டா, எதாவது ஆயிடுச்சுன்னா உன் அத்திம்பேர் என்னைக் கொன்னுடுவார். நேர்ல வாயேன்" என்றாள். தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவைத் தாண்டி ஒருவன் வீடு போய்ச் சேர்வதா? பையனிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன்.

"சத்தம் வருதா?"

"பாட்டு வருது மாமா. படம்தான் வரல. டெஸ்க்டாப் நல்லா வருது."

கேள்வி ஒன்றிலேயே பாதி முடிந்துவிட்டது. அவன் அதுவரை சதுரமான எல்.சி.டி. மானிட்டரில் ஆடிக்கொண்டிருந்தான், 1,280-க்கு 1,024 என்ற அளவில். டி.வி.யின் பி.சி. துளை ஏற்கும் அளவுகளை அதன் கையேட்டில் படிக்கச் சொன்னேன். 640, 800, 1,024, 1,360 என்று படித்தான். 1,280-க்கு 1,024 அதில் இல்லை. டெஸ்க்டாப்பின் அளவை அவன் டி.வி.க்குத் தகுந்தபடி மாற்றிவிட்டான். ஆட்டம் மட்டும் கடைசியாகத் தனக்குச் சொன்ன பழைய அளவையே நினைவில் வைத்துக்கொண்டு, திறந்ததும் அதற்குத் தாவுகிறது. உள்ளே போய் மாற்றலாம் என்றால் மெனுவே கண்ணுக்குத் தெரியாது. பழைய மானிட்டரை மறுபடி மாட்டி மாற்றலாம், ஆனால் அதைத் தீபாவளிச் சுத்தத்தில் பரணில் ஏற்றிவிட்டார்களாம்.

நல்ல வேளையாக, அந்த ஆட்டம் தன் நினைவை ஒரு சின்னக் கோப்பில் வைத்திருந்தது. ஆல்ட்டையும் எஃப்-நாலையும் சேர்த்து அழுத்தி ஆட்டத்தை மூடச் சொன்னேன். மை டாக்குமெண்ட்ஸில் `GTA Vice City User Files` என்ற ஃபோல்டரைத் திறக்கச் சொன்னேன்.

"அதை டெலிட் பண்ணிடவா மாமா?"

"டேய், ஃபோல்டரைத் தொடாதே. உன் சேவ் எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு. `gta_vc.set`னு ஒண்ணு இருக்கா பாரு. அதை மட்டும் பேர் மாத்து."

அந்தக் கோப்பு காணாமல் போனால் ஆட்டத்துக்கு முந்தினது மறந்துவிடும். முதல் நாள் திறந்தமாதிரி 640-க்கு 480-இல் தொடங்கும். அந்த அளவை ஏற்காத டி.வி.யை நான் பார்த்ததில்லை. அதன் பிறகு மெனுவுக்குள் போய் 1,024-க்கு 768 வைத்துக்கொள்ளலாம். நஷ்டம், அவன் மாற்றி வைத்திருந்த கீபோர்டு அமைப்பு மட்டும். அதை மறுபடி வைக்க வேண்டும். ஆடி முடித்த இடங்கள் `GTAVCsf1.b` என்பதுபோல் எண் போட்ட தனித்தனிக் கோப்புகள். பெயர் மாற்றியதில் அவை அசையாது.

போனைக் கீழே வைக்காமல் காத்திருந்தேன். முதலில் பாட்டு கேட்டது. பிறகு அக்கா "அப்பாடா" என்றாள். பையன் மூச்சுவிடாமல் லோட் கேம் பக்கத்தைத் திறந்து ஒவ்வொன்றாக எண்ணினான். எட்டு சேவும் அப்படியே இருந்தன.